சாலையோர நிலமும் விளம்பரப் பலகையும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வீடு, கிட்டங்கி, கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கு நடுவே விளம்பரப் பலகைகளுக்கும் உறுதிச் சான்று கேட்டு வருகிறார்கள். பலகை வைக்கும் நிறுவனங்களைவிட, நிலத்தை வாடகைக்கு விடப்போகிறவர்களே என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே இருக்கின்றன.

அண்ணாச்சி, பைபாஸ் ஓரத்தில் ஐந்து சென்ட் சும்மா கிடக்கிறது. விளம்பரக் கம்பெனி மாத வாடகை தருகிறேன் என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

உடனே போட வேண்டாம். முதலில் அந்த இடம் எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று பாருங்கள். பைபாஸ் ஓரத்தில் ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சியும் அந்தப் பக்கம் ஊராட்சியும் இருப்பது சாதாரணம். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர். வள்ளியூர், பணகுடி போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். இவர்களிடம்தான் உரிமம் கேட்க வேண்டும். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டாலும், விதிகளோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு உரிமம் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. ஆகவே ஆட்சியர் கையெழுத்திட்ட பழைய தாளை யாராவது காட்டினால் தேதியைப் பாருங்கள். ஊராட்சி எல்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தின் ஊராட்சிப் பிரிவில் விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள். ஊராட்சித் தலைவரின் வாய்ச்சொல்லை உரிமமாக எண்ண வேண்டாம்.

அடுத்தது, நிலம் உண்மையில் உங்களுடையதுதானா என்பது. சிரிக்காதீர்கள். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தார்ச்சாலை முடிகிற இடத்தோடு சாலையின் நிலம் முடிந்துவிடுவதில்லை. எல்லைக் கல் இன்னும் தள்ளி, பல இடங்களில் கருவேலம் புதருக்குள் இருக்கும். அந்தக் கல்லுக்கு உள்ளே விளம்பரம் வைக்க எந்த உள்ளாட்சியும் அனுமதி தர முடியாது. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, கல்லைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எங்கள் இடம் சிக்னல் பக்கம். நல்ல பார்வை கிடைக்கும் என்று கம்பெனிக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாலை சந்திப்பிலிருந்து இருபுறமும் 100 மீட்டர் வரை பலகை கூடாது என்பது பழைய விதியிலிருந்தே தொடர்கிறது. பள்ளி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நோயாளிகள் தங்கும் மருத்துவமனை ஆகியவற்றின் முன்பும் கூடாது. கம்பெனி ஆசைப்படும் இடமும் விதி தடுக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து அண்ணாந்து பார்க்கிற இடம்தானே அது.

உரிமத்துக்கு என்னென்ன கேட்பார்கள்? கட்டணம் எவ்வளவு?

விண்ணப்பம், நில உரிமை ஆவணம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், பலகையும் சாலையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம், கட்டமைப்பு வரைபடம், பொறியாளரின் உறுதிச் சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று. சாலையைப் பொறுத்து நெடுஞ்சாலைத் துறையின் சான்றும் சேரும்.

கட்டணம் பலகையின் பரப்பை வைத்துக் கணக்கிடப்படும். 20 அடிக்கு 10 அடி என்றால் 200 சதுர அடி, அதாவது சுமார் 18.6 சதுர மீட்டர். விகிதம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி வேறுபடும். விளக்கு உண்டா இல்லையா, ஒரு முகமா இரு முகமா என்பதையும் சேர்த்து அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கட்டணத்தையும் விளம்பர வரியையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, மாநிலங்கள் விளம்பர வரி விதிக்க இடம் தந்த அரசியலமைப்புப் பிரிவே நீக்கப்பட்டது. விளம்பர இடத்துக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, உரிமக் கட்டணம் தனி. ஜி.எஸ்.டி. கட்டிய பில்லை உரிமம் என்று நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரசீதும் உரிமம் ஆகாது. விண்ணப்பக் கட்டணம் கட்டிய ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பத்தில் ஒட்டிவைத்திருந்தார் ஒருவர். அந்த ரசீது பணம் வந்து சேர்ந்ததைத்தான் சொல்கிறது. உரிமத்தில் எண் இருக்கும், பலகையின் அளவு இருக்கும், காலம் முடியும் தேதி இருக்கும். இந்த மூன்றும் இல்லாத தாள் எதுவானாலும் அது உரிமம் அல்ல.

உறுதிச் சான்று என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அது போதாதா? நாங்கள் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பலகை விழுவதும் நிற்பதும் இதில்தான் இருக்கிறது.

பலகை தன் எடையால் விழுவதில்லை. ஃபிளக்ஸும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால்கூட எடை அதிகம் இல்லை. அதைத் தள்ளுவது காற்று. பாய்மரத்தை நட்டுவைத்துவிட்டு அது நகரக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுச் சுமை விதி, ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, நம் பக்கத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். அதைப் பார்த்து ‘நமக்குப் புயல் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். 140-உம் சின்ன வேகம் இல்லை.

அதே 20-க்கு 10 அடிப் பலகையை எடுத்துக்கொள்வோம். அடி விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது, இரண்டு கம்பங்கள் தாங்குகின்றன. அந்த வேகத்தில் பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 110 கிலோ விசை தள்ளும். மொத்தம் இரண்டு டன். கம்பத்துக்கு ஒரு டன். அந்த ஒரு டன் தரையில் தள்ளவில்லை, பலகையின் நடுவில், 15 அடி உயரத்தில் தள்ளுகிறது. அஸ்திவாரம் 5 அடி ஆழம் என்றால், அதன் அடியிலிருந்து 20 அடி, அதாவது 6 மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியில் ஒரு டன்னைக் கட்டி இழுப்பது போல. கவிழ்க்கும் திருப்புவிசை கம்பத்துக்கு 6.3 டன்-மீட்டர்.

இனி அஸ்திவாரம். நான்கடிக்கு நான்கடி, ஐந்தடி ஆழத்தில் கான்கிரீட் போட்டால் அதன் எடை சுமார் 5.4 டன். கவிழாமல் பிடிப்பது அந்த எடையும் அகலத்தில் பாதியும்: 3.3 டன்-மீட்டர். தேவையில் பாதிதான். ஐந்துக்கு ஐந்து அடி என்றால் 6.5 வரும். கணக்குக்கு ஈடு, கையிருப்பு இல்லை. ஆறுக்கு ஆறு அடி என்றால் 11 தாண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு இந்த அளவைத்தான் சொல்கிறேன். பக்கத்து மண்ணும் கொஞ்சம் தாங்கும், உண்மை. ஆனால் அதை நம்பிக் குழியைச் சுருக்க மாட்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

குழி தோண்டும் நாளில் நில உரிமையாளர் அங்கே இருக்க வேண்டும். கையில் ஒரு டேப் போதும். பலகை நின்ற பிறகு, ஆறடியா இரண்டரை அடியா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மேலே இரண்டு அங்குலம் பூசி மெழுகிவிட்டால் எல்லா அஸ்திவாரமும் ஒன்றுபோலத் தெரியும். செல்பேசியில் டேப்போடு சேர்த்துக் குழியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சான்று கொடுக்கும்போது அந்தப் படத்தைக் கேட்பேன். படம் இல்லை என்றால் ஒரு பக்கத்தைத் தோண்டிக் காட்டச் சொல்வேன். அதனால் என்னிடம் வராமல் வேறு ஆளைத் தேடிப் போனவர்களும் உண்டு.

தாள் ஒழுங்கானதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையின் நீள அகலம், உயரம், எடுத்துக்கொண்ட காற்று வேகம், அஸ்திவார அளவு, போல்ட்டின் விட்டம் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘நேரில் பார்வையிட்டேன், உறுதியாக உள்ளது’ என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் அது சான்றே அல்ல. இன்னொன்று, இடத்தின் பெயர். ஒரே கணக்குத்தாளில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மானூருக்கும் திசையன்விளைக்கும் கொடுத்த சான்றுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்று கரிசல், மற்றொன்று தேரி மணல்.

மண் எதுவானால் என்ன? கான்கிரீட்தானே பிடிக்கிறது?

மானூர், கங்கைகொண்டான், கயத்தாறு பக்கத்துக் கரிசலை சித்திரை வெயிலில் பார்த்திருப்பீர்கள். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த வெடிப்பு கான்கிரீட்டைச் சுற்றியும் விழும். அப்போது பக்கத்து மண்ணின் பிடி போய்விடுகிறது. ஐப்பசி மழையில் மண் ஊதி மறுபடி பிடிக்கும். ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் நடுவில் வருவது ஆடிக் காற்று. மண் விட்டுப்போன மாதங்களில்தான் காற்று தள்ளுகிறது. மண்ணை நம்பிக் குழியைச் சுருக்க மாட்டேன் என்றது இதனால்தான்.

தேரி மணலில் தோண்டும்போதே குழி சரியும். சரிந்த மணலோடு சேர்த்துக் கான்கிரீட்டைக் கொட்டிவிடுவார்கள். ஆற்றோரமும் குளத்தங்கரையும் வேறு வகை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், தாமிரபரணிக் கரையோரம் எத்தனை இடத்தில் மண்ணே இடம் மாறியது என்பது நமக்குத் தெரியும். வெள்ளம் சூழ்ந்து வடிந்த இடத்தில் பலகை நின்றால், அது நேராக நிற்கிறது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். அடியில் மண் அரித்திருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள்.

பத்து வருஷமாக நிற்கிற பலகை. ஒன்றும் ஆகவில்லையே. இன்னும் எதற்குச் சோதனை?

பத்து ஆடி பார்த்த பலகை என்பதாலேயே சோதனை வேண்டும்.

மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று என்றைக்கோ ஒருநாள் வரும், வராமலும் போகலாம். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் தென்மேற்குக் காற்று வைகாசிக் கடைசியிலிருந்து மூன்று நான்கு மாதம் ஓயாது. காற்றாலைக்காரர்கள் பணகுடியையும் ராதாபுரத்தையும் தேடி வந்ததே இதற்காகத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வீச்சு ஒன்று நம் பலகையைச் சுமார் 380 கிலோவால் தள்ளி விடுகிறது. அது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை. அதனால் பலகை கவிழாது. ஆனால் நட்டு ஒவ்வொரு நூலாகத் தளரும், வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். பிறகு ஐப்பசியில் இடியோடு வரும் ஒரே ஒரு சூறை, தளர்ந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

பார்க்க வேண்டிய இடம் தரையை ஒட்டிய ஒரு சாண். கம்பமும் அடித்தகடும் சேரும் வெல்டிங்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் கோடாக வெடித்து, அதிலிருந்து துரு வழிந்திருந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. சுத்தியலால் கம்பத்தைத் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், உள்ளே அரித்தது சொத்தென்று கேட்கும். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் குழாய்க் கம்பம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தாள் நுழைந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். கான்கிரீட்டைச் சுற்றி மண்ணில் பிறைவடிவில் இடைவெளி தெரிந்தால் அஸ்திவாரமே ஆடுகிறது. அன்றைக்கே ஃபிளக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்.

போல்ட் பற்றிக் கேட்பவர்களுக்காக: நம் கணக்கில் தரை மட்டத்தில் கம்பத்தை வளைக்கும் விசை 4.75 டன்-மீட்டர். போல்ட் வரிசைகளுக்கு நடுவே ஓர் அடி இருந்தால், காற்று வரும் பக்கத்துப் போல்ட்டுகளை மொத்தம் 16 டன் மேலே பிடுங்கும். அந்தப் பக்கம் 16 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு மட்டும் என்றால் அறுந்துவிடும். 24 மில்லிமீட்டரில் பக்கத்துக்கு மூன்றாவது நான் கேட்பேன்.

ஃபிளக்ஸில் அங்கங்கே ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்கிறார்கள். சரியா?

பெரிய பயன் இல்லை. தட்டளவு ஓட்டை பத்துப் போட்டாலும் பரப்பில் போவது நூற்றில் ஓரிரண்டு பங்குதான். பெருங்காற்று வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் ஃபிளக்ஸை முழுதாக இறக்குவதுதான் வழி. சட்டம் மட்டும் நின்றால் காற்று ஊடே போய்விடும். ‘எச்சரிக்கை வந்தால் 12 மணி நேரத்துக்குள் துணியை இறக்குவோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி, துணி கிழிவது பலகைக்கு நல்லது. துணி கிழிகிறது என்று நைலான் கயிற்றால் இறுக்கி இறுக்கிக் கட்டியவர் ஒருவர், கடைசியில் கம்பத்தை வளைத்துக்கொண்டார்.

உரிமம் வாங்கியது 20-க்கு 10. இப்போது இரட்டிப்பாக்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். வாடகையும் ஏறும். விடலாமா?

40-க்கு 20 என்றால் பரப்பு இரட்டிப்பு அல்ல, நான்கு மடங்கு. பலகையின் நடுவும் மேலே போகிறது. மேலே போட்ட கணக்கில் கவிழ்க்கும் விசை ஐந்து மடங்காகும். அஸ்திவாரம் அதே அஸ்திவாரம்.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேரைக் கொன்ற பலகை 120-க்கு 120 அடி. அந்த மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40. அளவு மாறினால் பழைய உரிமமும் பழைய சான்றும் அந்த நிமிடமே செத்துப்போகின்றன. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாடியில் வைக்கக் கேட்கிறார்கள். டவுனில் எங்கள் வீடு பழைய கட்டை குத்திய மாடி.

வேண்டாம். என்ன வாடகை கொடுத்தாலும் வேண்டாம். கான்கிரீட் மாடி என்றாலும் கம்பம் கீழே தூணோடு சேர வேண்டும், ஐந்து அங்குலத் தளத்தில் துளை போட்டு நிறுத்தக் கூடாது.

விழுந்தால் பொறுப்பு கம்பெனிக்குத்தானே? இடம் மட்டும்தானே நாங்கள் தருகிறோம்?

கோவை கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1 அன்று பலகை பொருத்தும்போது காற்றில் சாய்ந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அரசு வெளியிட்ட எச்சரிக்கையில், அனுமதியின்றிப் பலகை வைத்தால் மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று சொன்னதோடு, விபத்து நடந்தால் நிறுவனத்தோடு இட உரிமையாளரும் பொறுப்பு என்று குறிப்பிட்டார்கள். ஆகவே மூன்றாம் நபர் காப்பீட்டின் நகலும் உரிமத்தின் நகலும் உங்கள் கைக்கு வராமல் குழி தோண்ட விடாதீர்கள். உரிமம் முடிந்த பிறகு சட்டத்தை யார் செலவில் எத்தனை நாளில் அகற்றுவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விளம்பரம் போன பிறகு எலும்புக்கூடாக நிற்கும் சட்டங்களுக்குச் சொந்தக்காரர் தேடினால் அகப்பட மாட்டார்.

என் கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கவும் இவ்வளவும் வேண்டுமா?

உங்கள் கடைச் சுவரில், உங்கள் வியாபாரத்தின் பெயரை மட்டும் எழுதினால் விஷயம் சிறியது. குளிர்பானக் கம்பெனியோ பெயின்ட் கம்பெனியோ இலவசமாகத் தரும் பலகையில் அவர்கள் பெயர் முக்கால் பங்கும் உங்கள் பெயர் கால் பங்கும் இருக்கும். அதை விளம்பரம் என்று உள்ளாட்சி சொன்னால் மறுக்க முடியாது. நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றாலும் பிரச்சினைதான். தமிழ் முதலிடத்திலும் பெரிய எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது தொழிலாளர் துறையின் விதி: தமிழ் ஐந்து, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்ற விகிதம்.

விளக்குப் பலகை என்றால் இரண்டு காரியம். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் ஒன்று போடுங்கள். மழையில் நனைந்த ஷட்டரைத் தொட்டு அதிர்ச்சி வாங்குவது பெரும்பாலும் இந்தப் பலகையின் வயரால்தான். மற்றது, தெருவில் போகும் மின்கம்பி. வீட்டு இணைப்புக் கம்பிக்கும் 11,000 வோல்ட் கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் விட வேண்டும். பலகையைத் தூக்கும்போது அது சுழலும், ஆகவே ஏற்றும் நேரத்துக்கு மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

பக்கத்து இடத்துப் பலகை எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சொன்னால் சண்டைக்கு வருகிறார். யாரிடம் போவது?

சாய்வை முதலில் அளந்துகொள்ளுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தூக்குநூலாகப் பிடித்து, கம்பத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இடைவெளி கூடியிருந்தால் ‘சாய்ந்திருக்கிறது’ என்று எழுத வேண்டாம், ‘ஏழு நாளில் இத்தனை சென்டிமீட்டர் கூடியிருக்கிறது’ என்று எழுதுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் உங்கள் மண்டல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதலமைச்சரின் 1100 உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். மனுவில் உரிம எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாத பலகை என்று தெரிந்தால் வேலை வேகமாக நடக்கும், ஏனென்றால் உரிமம் இல்லாததை அகற்ற அவர்களுக்கு நீண்ட விசாரணை தேவையில்லை. அதுவரை அந்தப் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்கவிடாதீர்கள்.